ஒரு ‘ஒன்லி’யை எங்கே வைப்பது?

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் இப்படி ஓர் ஆங்கில அறிவிப்பு ஒட்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம்: ‘டெனன்ட்ஸ் மே ஒன்லி பார்க் கார்ஸ் இன் தி யார்ட் அட் நைட்.’ வாடகைக்குக் குடியிருப்பவர்கள், கார், முற்றம், இரவு என்று எல்லாமே பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த சொற்கள்தான். ஆனால் இந்த அறிவிப்பு எதைத் தடுக்கிறது என்று குடியிருப்பவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். பகலில் காரை நிறுத்தக்கூடாது என்பார் ஒருவர். கார் மட்டும் நிறுத்தலாம், பைக் கூடாது என்பார் இன்னொருவர். இரவில் காரை முற்றத்தில்தான் விட வேண்டும், வாசல் தெருவில் விடக்கூடாது என்று புரிந்துகொள்வார் மூன்றாமவர். முற்றத்தில் நிறுத்திக்கொள்ளலாம், அங்கேயே கழுவவோ ரிப்பேர் பார்க்கவோ கூடாது என்பார் நான்காமவர்.

நால்வர் சொல்வதும் இலக்கணப்படி சரிதான். எழுதியவர் மனதில் இருந்தது ஒன்றுதான் என்றாலும், அவர் எழுதிய வாக்கியம் நான்கு பொருளுக்கும் இடம் கொடுத்துவிட்டது. இத்தனைக்கும் காரணம் ‘ஒன்லி’ என்ற ஒரு சிறு சொல் உட்கார்ந்திருக்கும் இடம்.

அதே வாக்கியத்தில் அந்தச் சொல்லை மட்டும் நகர்த்திப் பார்க்கலாம்.

‘ஒன்லி டெனன்ட்ஸ் மே பார்க் கார்ஸ் இன் தி யார்ட் அட் நைட்’ என்றால், குடியிருப்பவர்கள் மட்டும் நிறுத்தலாம். இரவில் வரும் விருந்தாளிகளின் காருக்கு இடம் கிடையாது.

‘டெனன்ட்ஸ் மே பார்க் ஒன்லி கார்ஸ் இன் தி யார்ட் அட் நைட்’ என்றால் கார் மட்டும். பைக், வேன், ஆட்டோ கூடாது.

‘டெனன்ட்ஸ் மே பார்க் கார்ஸ் ஒன்லி இன் தி யார்ட் அட் நைட்’ என்றால் முற்றத்தில் மட்டும். நடைபாதையிலோ தெருவிலோ கூடாது.

‘டெனன்ட்ஸ் மே பார்க் கார்ஸ் இன் தி யார்ட் ஒன்லி அட் நைட்’ என்றால் இரவில் மட்டும். காலையில் காரை எடுத்துவிட வேண்டும்.

ஐந்து வாக்கியங்களிலும் இருப்பவை அதே சொற்கள்தான். ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இடம் மாறியதால் விதி மாறுகிறது. கடைசி நான்கு வாக்கியங்களில் ‘ஒன்லி’ எந்தச் சொல்லைக் கட்டுப்படுத்த வேண்டுமோ அதற்கு நேர் முன்னால் நிற்கிறது. முதல் வாக்கியத்தில்தான் அது வினைச்சொல்லுக்கு முன்னால் போய் நின்றுகொண்டது.

வினைச்சொல்லுக்கு முன் நின்றால் என்ன ஆகிறது?

ஆங்கிலத்தில் ‘ஒன்லி’யின் பார்வை பெரும்பாலும் முன்னோக்கிப் போகும். வினைச்சொல்லுக்கு முன்னால் நிற்கும்போது அந்த வினை, அது எதைச் செய்கிறது, எங்கே, எப்போது என்று அதற்குப் பின்னால் வரும் அத்தனையும் அதன் பார்வைக்குள் வந்துவிடுகின்றன. அவற்றில் எது வேண்டும் என்று அந்த இடம் சொல்வதில்லை. படிப்பவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பேச்சில் இது பெரிய சிக்கலாவதில்லை, ஏனென்றால் குரல் அந்த வேலையைச் செய்துவிடுகிறது. காவலாளி அதே வாக்கியத்தைச் சொல்லும்போது ‘கார்ஸ்’ என்ற சொல்லை அழுத்தினால் பைக்குக்கு இடமில்லை என்று தெரியும். ‘நைட்’ என்பதை அழுத்தினால் பகலில் கூடாது என்று தெரியும். ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்கள் ‘ஒன்லி’யை வினைக்கு முன்னால் வைத்துவிட்டு, உரிய சொல்லைக் குரலால் தொட்டுக் காட்டுகிறார்கள். அவர்களுக்கு அதுவே இயல்பான இடம். ஆனால் காகிதத்தில் ஏறும்போது குரல் போய்விடுகிறது, சொல் நிற்கும் இடம்தான் மிஞ்சுகிறது. ஆகவே பேச்சில் பிழையில்லாத ஒரு வாக்கியம் அறிவிப்பிலும் ஒப்பந்தத்திலும் தகராறுக்கு வழிவிடுகிறது.

மாத்திரை உறையில் எழுதும் குறிப்பை எடுத்துக்கொண்டால் இதன் கனம் புரியும். ‘டேக் ஒன்லி ஒன் டேப்லெட் அட் நைட்’ என்றால் இரவில் ஒரு மாத்திரைதான், இரண்டு போடக்கூடாது. பகலில் போடலாமா என்பதைப் பற்றி அந்த வாக்கியம் பேசவே இல்லை. ‘டேக் ஒன் டேப்லெட் ஒன்லி அட் நைட்’ என்றால் இரவு வேளையில்தான், பகலில் கூடாது. முதலாவது அளவைக் கட்டுகிறது, இரண்டாவது வேளையைக் கட்டுகிறது. தூக்கம் வரவழைக்கும் மருந்தாக இருந்தால் இரண்டு எச்சரிக்கையும் தேவைப்படலாம். அப்போது ஒரே ‘ஒன்லி’யால் இரண்டையும் சுமக்க முடியாது. இரவில் ஒரு மாத்திரை, ஒன்றுக்கு மேல் கூடாது, பகலில் கூடாது என்று மூன்று சிறு வாக்கியங்களாகப் பிரித்து எழுதுவதே பாதுகாப்பு.

‘மட்டும்’ தெரிந்தவருக்கு இது எளிது

இந்த விஷயத்தில் தமிழ் தெரிந்தவருக்கு ஒரு வசதி உண்டு. தமிழில் ‘மட்டும்’ என்பது தான் கட்டுப்படுத்தும் சொல்லின் முதுகோடு ஒட்டிக்கொண்டு வரும். குடியிருப்பவர்கள் மட்டும், கார்களை மட்டும், முற்றத்தில் மட்டும், இரவில் மட்டும் என்று சொல்லும்போது எதைக் கட்டுகிறோம் என்பதில் சந்தேகமே எழாது. ‘நிறுத்த மட்டும் செய்யலாம்’ என்றால் நிறுத்துவதைத் தவிர வேறு வேலை கூடாது என்பதும் தெளிவு. தமிழில் பேசும் ஒருவர் ‘மட்டும்’ என்பதை எங்கோ தொலைவில் வைத்துவிட்டு, எதைக் கட்டுகிறது என்று கேட்பவரே கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்று விடுவதில்லை.

ஆகவே ஆங்கிலத்தில் எழுதும் முன், சொல்ல வந்ததை மனதுக்குள் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்தால் போதும். ‘மட்டும்’ எந்தச் சொல்லோடு ஒட்டுகிறது என்று பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லைக் கண்டுபிடித்து, அதற்கு நேர் முன்னால் ‘ஒன்லி’யை வைக்க வேண்டும். தமிழில் பின்னால் ஒட்டுவது ஆங்கிலத்தில் முன்னால் நிற்கும், அவ்வளவுதான் வேறுபாடு.

இதில் ஒரே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். ‘இரவில் மட்டும்’ என்னும்போது ‘இல்’ என்ற உருபு சொல்லோடு சேர்ந்தே இருக்கிறது. ஆங்கிலத்தில் அந்த உருபின் வேலையைச் செய்யும் ‘அட்’, ‘இன்’, ‘ஆன்’ போன்ற சொற்கள் தனியாக முன்னால் நிற்கின்றன. அவற்றுக்கும் முன்னால்தான் ‘ஒன்லி’ வர வேண்டும்: ‘ஒன்லி அட் நைட்’, ‘ஒன்லி இன் தி யார்ட்’, ‘ஒன்லி ஆன் சண்டேஸ்’. உருபையும் பெயரையும் பிரித்து நடுவில் நுழைப்பது எண்ணைக் கட்டும்போது பொருந்தும். தேர்தலில் மூன்றே வாக்கு வித்தியாசத்தில் வென்றார் என்பதை ‘பை ஒன்லி த்ரீ வோட்ஸ்’ என்று எழுதலாம், ஏனென்றால் அங்கே கட்டப்படுவது ‘த்ரீ’ என்ற எண்.

சட்டத்தில் ஒரு ‘ஒன்லி’

உருபுக்கு முன்னாலா, பின்னாலா என்பது அற்ப விஷயமாகத் தோன்றலாம். ஆனால் இந்திய அரசியல் சட்டத்திலேயே இந்தக் கேள்வி இருக்கிறது.

அரசு எந்தக் குடிமகனிடமும் பாகுபாடு காட்டக்கூடாது என்று சொல்வது 15ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு. அரசு வேலைகளில் அதையே சொல்வது 16ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு. இரண்டிலும் மதம், இனம், சாதி, பால் என்று தொடரும் ஒரு பட்டியல் உண்டு. அந்தப் பட்டியலுக்கு முன்னால் வரும் ஆங்கிலத் தொடர் ‘ஆன் கிரவுண்ட்ஸ் ஒன்லி ஆஃப்’ என்பது. ‘கிரவுண்ட்ஸ்’ என்பதற்கும் ‘ஆஃப்’ என்பதற்கும் நடுவில் ‘ஒன்லி’ நிற்கிறது. ‘ஒன்லி ஆன் கிரவுண்ட்ஸ் ஆஃப்’ என்று சட்டம் எழுதவில்லை.

1981இல் ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் தொடர்ந்த வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. நெர்கேஷ் மீர்ஸா வழக்கு என்று சட்டம் படித்தவர்கள் குறிப்பிடும் வழக்கு அது. அன்றைய விதிப்படி பணிப்பெண்கள் 35 வயதில் ஓய்வு பெற வேண்டும். வேலையில் சேர்ந்து நான்கு ஆண்டுகளுக்குள் திருமணம் செய்துகொண்டாலோ, முதல் முறை கருவுற்றாலோ அதற்கு முன்பே வேலை போய்விடும். அதே விமானத்தில் பயணிகளைக் கவனிக்கும் ஆண் ஊழியர்களுக்கு இந்த நிபந்தனைகள் இல்லை. பெண்கள் என்பதால்தானே இந்தப் பாகுபாடு என்பது பணிப்பெண்களின் கேள்வி.

கருவுற்றால் வேலைநீக்கம் என்ற விதியை நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்து ரத்து செய்தது. ஆனால் திருமண விதியையும் 35 வயது வரம்பையும் ஏற்றுக்கொண்டது. பணிப்பெண்களும் ஆண் ஊழியர்களும் வெவ்வேறு பணிப்பிரிவினர் என்று சொன்னதோடு ‘ஒன்லி’ என்ற சொல்லையும் நீதிமன்றம் கையில் எடுத்தது. பால் ஒன்றே காரணமாக இருக்கும் பாகுபாட்டைத்தான் சட்டம் தடுக்கிறது. பாலோடு வேறு காரணங்களும் சேர்ந்திருந்தால் அந்தத் தடை பொருந்தாது என்று விளக்கம் கொடுத்தது. அதாவது ‘ஒன்லி’ என்ற சொல் தொடரின் தலையில் இருப்பதுபோலப் படித்தது.

சட்டத்தில் அது நிற்கும் இடத்திலேயே வைத்துப் படித்தால் வேறொரு பொருளுக்கு வழியிருக்கிறது. ‘ஆஃப்’ என்பதற்கு முன் நிற்கும் ‘ஒன்லி’ தனக்குப் பின்னால் வரும் பட்டியலைத்தான் கட்டுகிறது. எந்தெந்த அடையாளங்கள் கணக்கில் வரும் என்று வரம்பு கட்டுவதே அதன் வேலை. பாலோடு இன்னொரு காரணத்தைச் சேர்த்துச் சொல்லித் தப்பித்துக்கொள்ள அது வழிவிடவில்லை என்பது அந்த வாதம். இரண்டு வாசிப்புக்கும் இடையே உள்ள தூரம் ஒரே ஒரு சொல்லின் இடம்தான். ஒரு பெண்ணின் வேலை நிலைப்பதும் போவதும் அதில் அடங்கியிருக்கிறது.

2018 செப்டம்பரில் நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கின் தீர்ப்பில் நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தனியே எழுதிய பகுதியில் நெர்கேஷ் மீர்ஸா தீர்ப்பின் அந்த விளக்கத்தை விமர்சித்தார். பெண் என்றால் இப்படித்தான் இருப்பாள் என்று சமூகம் வைத்திருக்கும் எண்ணங்களைப் பாலிலிருந்து பிரித்து வேறு காரணம் என்று காட்ட முடியாது. அப்படிப் பிரித்தால் சட்டம் தரும் பாதுகாப்பே வெறுமையாகிவிடும் என்பது அவர் சொன்னதன் சாரம். அவர் அந்த முடிவுக்கு வந்தது சொல்லின் இடத்தைப் பார்த்து அல்ல, பாகுபாடு எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்து. ஆனாலும் ஒரு சிறு சொல்லை எங்கே வைத்துப் படிக்கிறோம் என்பது எத்தனை ஆண்டுகள் நீளக்கூடிய விவாதம் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று நம் நாட்டில் இருக்க முடியாது.

‘தான்’ தரும் சிக்கல்

‘மட்டும்’ நமக்கு உதவுகிறது என்றால், ‘தான்’ நம்மைத் தடம்புரளச் செய்கிறது. ‘நான் இங்கேதான் இருக்கேன்’, ‘அவர் அப்படித்தான்’, ‘இது என் தம்பிதான்’ என்பவற்றை ஆங்கிலத்தில் சொல்லும்போது நம்மில் பலர் ‘ஐ ஆம் ஹியர் ஒன்லி’, ‘ஹீ இஸ் லைக் தட் ஒன்லி’, ‘ஹீ இஸ் மை பிரதர் ஒன்லி’ என்கிறோம். இந்தியா முழுவதும் இப்படிப் பேசுகிறார்கள், இந்தி பேசுபவர்களின் ‘ஹீ’ என்ற சொல்லுக்கும் இதே பழக்கம் இருப்பதால். மொழியியலாளர்கள் இதை இந்திய ஆங்கிலத்தின் ஓர் இயல்பாகவே பதிவு செய்திருக்கிறார்கள். நமக்குள் பேசிக்கொள்ளும்போது இதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

ஆனால் ‘தான்’ செய்யும் வேலை வேறு, ‘ஒன்லி’ செய்யும் வேலை வேறு. ‘தான்’ ஒன்றைச் சுட்டி உறுதிப்படுத்துகிறது. ‘ஒன்லி’ மற்றவற்றை விலக்குகிறது. சில இடங்களில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். நேற்றுதான் வந்தேன் என்பதை ‘ஐ கேம் ஒன்லி யெஸ்டர்டே’ என்றால் சரி. பல இடங்களில் அப்படி இல்லை. ‘ஹீ இஸ் மை பிரதர் ஒன்லி’ என்பதை இந்தப் பழக்கம் தெரியாத ஓர் ஆங்கிலேயர் படித்தால், தம்பி என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை என்று ஏதோ சந்தேகத்தை மறுப்பதாக நினைத்துக்கொள்வார்.

சிரிப்போடு போய்விடும் இடம் அது. போகாத இடமும் உண்டு. ஓர் அலுவலகத்திலிருந்து இப்படி ஒரு கடிதம் வருகிறது: ‘யூ கேன் கலெக்ட் தி சர்டிஃபிகேட் ஆன் மண்டே ஒன்லி.’ எழுதியவர் மனதில் ஓடியது ‘திங்கட்கிழமைதான் சர்டிஃபிகேட் கிடைக்கும்’ என்ற வாக்கியம். அதற்கு முன்னால் வந்து அலைய வேண்டாம், அதற்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்பது அவர் நினைத்த பொருள். வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் அதைப் படித்தால் திங்கட்கிழமை ஒரே நாள்தான், செவ்வாய்க்கிழமை போனால் கிடைக்காது என்று புரிந்துகொள்வார். பயணத்தேதியை மாற்றி, கூடுதல் பணம் கொடுத்து ஓடிவந்தாலும் வியப்பில்லை.

இங்கே ‘ஒன்லி’யை நகர்த்திப் பயனில்லை. ‘ஒன்லி ஆன் மண்டே’ என்று எழுதினாலும் அதே குழப்பம் தொடரும். காலத்தைப் பற்றிய ‘தான்’ என்றால் அந்தச் சொல்லையே விட்டுவிட வேண்டும். திங்களுக்கு முன் கிடைக்காது என்றால் ‘நாட் பிஃபோர் மண்டே’. திங்கள் முதல் கிடைக்கும் என்றால் ‘ஃப்ரம் மண்டே’. திங்கள் ஒரே நாள்தான், பிறகு கிடையாது என்றால் மட்டும் ‘ஒன்லி ஆன் மண்டே’ என்று எழுதி, ‘நாட் ஆஃப்டர்’ என்று அடுத்த வரியையும் சேர்த்துவிடலாம்.

வாக்கியத்தின் கடைசியில் ‘ஒன்லி’யைப் போடும் பழக்கத்துக்கு இன்னொரு துணையும் உண்டு. காசோலையில் ‘ருபீஸ் ஃபைவ் தவுசண்ட் ஒன்லி’ என்று எழுதுகிறோம். தமிழிலும் ‘ரூபாய் ஐயாயிரம் மட்டும்’ என்போம். தொகைக்குப் பின்னால் வேறு யாரும் எதையும் சேர்த்துவிடாதபடி போடும் பூட்டு அது. அங்கே கடைசிதான் சரியான இடம். ‘கேஷ் ஒன்லி’, ‘லேடீஸ் ஒன்லி’ என்ற பலகைகளிலும் அப்படியே. முன்னால் ஒரே ஒரு பெயர்ச்சொல் மட்டும் இருப்பதால் எதைக் கட்டுகிறது என்ற கேள்வி எழாது. நீண்ட வாக்கியத்தின் வாலில் அதே ‘ஒன்லி’யை வைத்தால் அது எவ்வளவு தூரம் பின்னோக்கிப் பார்க்கிறது என்று சொல்ல முடியாமல் போகிறது.

எங்கே விட்டுவிடலாம்?

விதியைத் தெரிந்துகொண்டவுடன் எல்லா ‘ஒன்லி’யையும் பிடித்து இழுத்து இடம் மாற்றத் தோன்றும். அது தேவையில்லை. இந்த வாதம் ஆங்கிலேயர்களுக்குள்ளேயே பழையது. 1760களில் ராபர்ட் லவுத் தன் இலக்கண நூலில் ‘ஒன்லி’ உரிய சொல்லுக்கு அருகில் நிற்க வேண்டும் என்று வற்புறுத்தினார். அதன்பின் பள்ளிகளில் அது கட்டளையாகவே மாறியது. 1926இல் ஆங்கில வழக்குக்கான தன் அகராதியை வெளியிட்ட எச்.டபிள்யூ. ஃபௌலர் எதிர்ப்பக்கம் நின்றார். ‘ஹீ ஒன்லி டைட் எ வீக் அகோ’ என்று ஒருவர் சொன்னால், அவர் இறந்து ஒரு வாரம்தான் ஆகிறது என்பது யாருக்கும் புரியும். அதைத் திருத்துபவர்கள் படிப்பவருக்கு உதவவில்லை, விதியைக் காப்பாற்றுகிறார்கள் என்பது அவர் நிலை. பொருள் மயங்கும் இடத்தில் நகர்த்து, மயங்காத இடத்தில் இயல்பான இடத்திலேயே விட்டுவிடு என்றார் அவர்.

ஃபௌலர் சொன்னது சரி என்பதே என் கருத்து. நண்பருக்கு எழுதும் கடிதத்தில் ‘ஐ ஒன்லி ஹேவ் டென் மினிட்ஸ்’ என்பது இனிய, இயல்பான ஆங்கிலம். பத்து நிமிடம் என்பதைத் தவிர அங்கே கட்டுப்படுவதற்கு வேறு எதுவும் இல்லை. ஆனால் அறிவிப்பு, வாடகை ஒப்பந்தம், மருந்துக் குறிப்பு, தேர்வு வினாத்தாள், வேலை விளம்பரம் ஆகியவற்றில் படிப்பவர் எழுதியவரைக் கூப்பிட்டுக் கேட்க முடியாது. சில சமயம் தனக்குச் சாதகமான பொருளைத் தேடியே படிப்பார். அங்கெல்லாம் லவுத்தின் பக்கம் நிற்பதுதான் நல்லது.

‘ஆல்மோஸ்ட்’, ‘ஈவன்’

‘ஒன்லி’யைப் போலவே இடத்தை நம்பி வாழும் சொற்கள் இன்னும் சில உண்டு. இரண்டை மட்டும் பார்க்கலாம்.

‘ஆல்மோஸ்ட்’ என்பது ஏறக்குறைய, கிட்டத்தட்ட. பங்குச் சந்தையில் பணம் போட்ட ஒருவர் ‘ஐ ஆல்மோஸ்ட் லாஸ்ட் ஆல் மை மணி’ என்றால், எல்லாப் பணத்தையும் இழந்திருப்பேன், நல்லவேளை தப்பித்தேன் என்று பொருள். ஒரு ரூபாய்கூட அவர் கையை விட்டுப் போகாமல் இருந்திருக்கலாம். ‘ஐ லாஸ்ட் ஆல்மோஸ்ட் ஆல் மை மணி’ என்றால் பணத்தில் பெரும்பகுதி போய்விட்டது. முதலாவதில் ‘ஆல்மோஸ்ட்’ இழப்பதைக் கட்டுகிறது, அதனால் இழப்பு நடக்கவே இல்லை. இரண்டாவதில் எவ்வளவு என்பதைக் கட்டுகிறது, அதனால் இழப்பு நடந்துவிட்டது. காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதும் கடிதத்தில் இந்த இடம் மாறினால், நடந்த நஷ்டத்தை நடக்காத நஷ்டமாக நாமே எழுதிக்கொடுத்தது போலாகும். ‘நியர்லி’ என்ற சொல்லும் அச்சுப் பிசகாமல் இப்படியே வேலை செய்யும்.

‘ஈவன்’ என்பது நம்முடைய ‘கூட’. ‘ஈவன் தி மேனேஜர் குட் நாட் ஓப்பன் தி லாக்கர்’ என்றால் மேனேஜரால்கூட லாக்கரைத் திறக்க முடியவில்லை; மற்றவர்களால் முடியாதது மட்டுமல்ல, சாவியும் அதிகாரமும் உள்ளவராலேயே முடியவில்லை என்று பொருள். ‘தி மேனேஜர் குட் நாட் ஈவன் ஓப்பன் தி லாக்கர்’ என்றால் மேனேஜரால் லாக்கரைத் திறக்கக்கூட முடியவில்லை. அதற்குமேல் ஒன்றும் செய்ய முடியாத திறமைக் குறைவு என்ற குற்றச்சாட்டு அதில் தொனிக்கும். முதல் வாக்கியம் பூட்டைக் குறை சொல்கிறது, இரண்டாவது மேனேஜரைக் குறை சொல்கிறது. இங்கேயும் தமிழ் வழிகாட்டும். ‘மேனேஜரால்கூட’ என்றால் ‘மேனேஜர்’ என்பதற்கு முன் ‘ஈவன்’. ‘திறக்கக்கூட’ என்றால் ‘ஓப்பன்’ என்பதற்கு முன்.

எழுதி முடித்தபின் சரிபார்க்க

எழுதியதைச் சோதிக்க இலக்கணப் புத்தகம் தேவையில்லை. ‘ஒன்லி’ உள்ள வாக்கியத்தைப் படித்துவிட்டு, அதன் முடிவில் ‘வேறு எது கூடாது?’ என்று கேட்டுப் பாருங்கள். ஒரே ஒரு பதில் வந்தால் வாக்கியம் சரி. இரண்டு பதில் வர வாய்ப்பிருந்தால் ‘ஒன்லி’ தவறான இடத்தில் இருக்கிறது. நம் பதில் நமக்குத் தெரிந்திருப்பதால் நாமே கேட்டுக்கொள்ளும்போது சில சமயம் ஏமாந்துவிடுவோம். விஷயம் தெரியாத ஒருவரிடம் வாக்கியத்தைக் கொடுத்து, எதைத் தடுக்கிறது என்று கேட்பது இன்னும் நல்லது.

ஒரு வேலை விளம்பரத்தை இப்படிச் சோதிக்கலாம்: ‘வீ ஒன்லி இன்டர்வியூ கிராஜுவேட்ஸ் இன் சென்னை.’ வேறு எது கூடாது? பட்டதாரி அல்லாதவர் விண்ணப்பிக்கக்கூடாது என்று ஒரு பதில். மதுரையில் நேர்காணல் கிடையாது என்று இன்னொரு பதில். சென்னையில் படித்த பட்டதாரிகள் மட்டும் வரலாம் என்று மூன்றாவது பதிலும் வரும். அந்த மூன்றாவது பதில் ‘ஒன்லி’யால் மட்டும் வந்ததல்ல, ‘இன் சென்னை’ என்பது பட்டதாரிகளோடு ஒட்டுகிறதா, நேர்காணலோடு ஒட்டுகிறதா என்பதும் தெளிவாக இல்லை. ஆகவே ‘ஒன்லி’யை ‘கிராஜுவேட்ஸ்’ என்பதற்கு முன் நகர்த்தினாலும் குழப்பம் பாதிதான் தீரும். இரண்டாகப் பிரித்துவிட வேண்டும்: ‘ஒன்லி கிராஜுவேட்ஸ் மே அப்ளை. இன்டர்வியூஸ் வில் பி ஹெல்ட் ஒன்லி இன் சென்னை.’ ஒவ்வொரு ‘ஒன்லி’க்கும் ஒரு வாக்கியம், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு பதில். முன்பு ஆறு சொல்லுக்குள் இருந்தது இப்போது கொஞ்சம் நீண்டுவிட்டது. பட்டப்படிப்பை மதுரையில் முடித்த ஒரு பெண் விண்ணப்பிக்கலாமா என்று தயங்காமல் இருப்பதற்கு அந்த நீளம் தகும்.

அறிவிப்பு எழுதுபவர்களிடமும் கடிதத்தில் கையெழுத்துப் போடுபவர்களிடமும் கேட்டுக்கொள்வது இதுதான். ஆங்கிலத்தில் எழுதியதை அனுப்பும் முன் ‘ஒன்லி’ எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். அதற்கு அடுத்து நிற்கும் சொல்லைத்தான் நீங்கள் கட்டுப்படுத்த நினைத்தீர்களா என்று பாருங்கள். இல்லையென்றால் அதை நகர்த்துங்கள். நகர்த்தியும் தெளியவில்லையென்றால் வாக்கியத்தைப் பிரித்து எழுதுங்கள்.